சாமி கடனோடு இறங்கக் கூடாது

உலகம்மாள் எழுதிக் கொடுத்த கட்டுரையில் ஹெப்சிபா மேடம் ஒரே ஒரு இடத்தில்தான் சிவப்பு மை வைத்திருந்தார். ஒரு மனுஷியின் தூக்கத்தைக் கெடுக்க அந்த ஒரு இடம் போதுமானதாக இருந்தது.

கட்டுரை கோவில் கொடையைப் பற்றியது. சமூகவியல் எம்.ஏ. கடைசி வருஷம், துறைக் கருத்தரங்கில் வாசிக்க வேண்டியது. எடுத்துக்கொண்டது சொந்த ஊர்தான், வல்லநேரி ஆலடியப்பர் கோவில் பங்குனித் திருவிழா. நாளுக்கொரு மண்டகப்படி. ஒவ்வொரு நாளும் ஒரு வகையறா செலவை ஏற்று, சாமியைத் தங்கள் மண்டபத்துக்கு அழைத்து, அபிஷேகம், அலங்காரம், நைவேத்தியம் என்று அமர்க்களப்படுத்துவார்கள். சாமியும் சும்மா போய்விடுவதில்லை. அந்த வகையறாவின் மூத்த ஆளுக்குத் தலையில் பரிவட்டம் கட்டி, சாமி கழுத்து மாலையைப் போட்டு, முதல் தீர்த்தம் கொடுத்துவிட்டுத்தான் நகரும்.

கொடையில் மூன்று கடமை உண்டு என்று நூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரர் ஒருவர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கொடுக்க வேண்டும், கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும், வாங்கியதற்குத் திருப்பிச் செய்ய வேண்டும். உலகம்மாள் அதை எடுத்து மண்டகப்படி மேல் போர்த்திப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்துகொண்டது. அதில் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

சிவப்பு மை விழுந்த வரி இதுதான்: ‘தேரை ஊர் கூடி இழுக்கும், கீழத்தெருவார் கட்டை போட்டுக் கூலி பெறுவர்.’ பக்கத்தில் மேடம் எழுதியிருந்தார்: ‘எல்லாருக்கும் மரியாதை, இவர்களுக்கு மட்டும் கூலி. ஏன்?’

“நீ எந்தத் தெரு?” என்று கேட்டார் ஹெப்சிபா மேடம், அவள் அறைக்குள் நுழைந்து நிற்கும்போதே.

“கீழத்தெரு மேடம். கட்டை போடுறவங்களுக்குத் தலைவர் எங்கப்பாதான்.”

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “ஊர்ல உள்ளவன் கதையை எல்லாம் பக்கம் பக்கமா எழுதிட்டு, உங்க அப்பாவை ஒத்த வரியில அடைச்சிட்டியே.”

“ஆராய்ச்சியில நம்ம சொந்தக் கதைய நுழைக்கக் கூடாதுன்னு நெனச்சேன் மேடம்.”

“அப்படியா? வெட்கமா இருந்துச்சோன்னு நெனச்சேன்.”

உண்மை அதுதான். கூட வாசிக்கப் போகிற பிள்ளைகள் முன்னால், எங்கப்பன் தேர்ச் சக்கரத்துக்குக் கீழே குனிந்து கிடப்பான் என்று படிக்க அவளுக்கு நாக்கு எழவில்லை.

தேரை இழுப்பது பெரிய வித்தையில்லை. வடத்தைப் பிடித்துக் கத்தினால் போதும், ஊரே இழுத்துவிடும். நிறுத்துவதும் திருப்புவதும்தான் காரியம். ஓடுகிற சக்கரத்துக்குக் குறுக்கே சரியான நேரத்தில் புளியங்கட்டையைச் சொருக வேண்டும். முந்தினால் தேர் சாயும். பிந்தினால் தேர் எவன் வீட்டு வாசலிலாவது போய் நிற்கும். உலகம்மாளின் அப்பா பூதத்தானுக்கு வலது கையில் இரண்டு விரல் கிடையாது. மேலரத வீதி முக்கில் அவை போயின.

அந்தக் கீழத்தெருவுக்கு வெகுநாளாக ஒரே ஆசை. ஐந்தாம் திருநாள் மண்டகப்படிக்காரர்கள் மதராஸ் பக்கம் குடிபோய், அந்த நாள் கேட்பாரற்றுக் கிடந்தது. அதை நாங்கள் செய்கிறோம் என்று தெரு கேட்டது. கல்ப் போனவர்கள், கொத்து வேலைக்காரர்கள், வாத்தியார் ஒருவர் என்று சேர்ந்தால் செலவு ஒரு பொருட்டே இல்லை. மண்டகப்படிக் கமிட்டியில் தேர்நாளுக்குச் சொந்தக்காரரான ஆவுடைநாயகம், அரிசி ஆலைக்காரர், சிரித்துக்கொண்டே சொன்னார்: “கொடுக்கிற மனசு இருக்கே, அதுவே பெருசு. ஆனா வாங்க முறையில்லயே.” ஐந்தாம் நாள் அந்தரத்தில் கிடந்தது. அவர்களிடம் வாங்குவதைவிட அப்படியே கிடந்து போகட்டும் என்று விட்டார்கள்.

மேடம் கேட்டதற்குப் பதில் எழுத வேண்டுமே. உலகம்மாள் பஸ்ஸில் வரும்போதே யோசித்தாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த ஒரு வழக்கம் அப்போது புதிதாகக் கண்ணில் பட்டது.

தேர் நிலைக்கு வந்ததும் சாமி உடனே இறங்காது. முதலில் கட்டை போட்டவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். தேருக்கு முன்னால் வைத்து, சாமி பார்க்கக் கொடுக்க வேண்டும். பூதத்தான் வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டு, “கூலி தீந்துச்சு சாமி” என்று குரல் கொடுப்பான். அதைக் கேட்ட பிறகுதான் பட்டர் சாமியைத் தேரிலிருந்து இறக்குவார். சாமி யாருக்கும் கடன்பட்டு இறங்கக் கூடாது என்பது ஐதீகம். இறங்கின சாமி ஆவுடைநாயகத்தின் மண்டபத்துக்குப் போகும். அங்கே அவருக்குப் பரிவட்டம்.

‘கொடை உறவைத் தொடர வைக்கிறது. கூலி உறவை அந்த இடத்திலேயே அறுக்கிறது. கீழத்தெரு கொடுப்பதைக் கொடை என்று ஒப்புக்கொண்டால் மரியாதை திருப்ப வேண்டிவரும். ஆகவே சாமி தரையில் கால் வைக்குமுன் கணக்கு முடிக்கப்படுகிறது’ என்று எழுதினாள். எழுதும்போதே கோபத்தில் பேனா தாளைக் கிழித்தது. விரல் போனதற்குமா சேர்த்து முடித்தார்கள் கணக்கை?

திருத்திய பக்கத்தை மேடம் நின்றுகொண்டே படித்தார். “நல்லாயிருக்கு” என்றார். பிறகு போகிற போக்கில், “சரி, அவங்க கூலி வாங்கலைன்னா என்ன ஆகும்? அதையும் ஒரு பத்தி எழுது” என்றார்.

மேடம் கேட்டது கட்டுரைக்காக. ஆனால் அந்தக் கேள்வி கட்டுரையோடு நிற்கவில்லை. அது உலகம்மாளோடு பஸ் ஏறி வல்லநேரிக்கு வந்து, சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டது.

“யப்பா, இந்த வருஷம் கூலி வாங்காதிய.”

பூதத்தான் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டான். “என்னட்டி சொல்லுத?”

“கட்டை போடுங்க. ஆனா கூலி வேண்டாம்னு சொல்லுங்க. கூலி வாங்காட்டா நம்ம செஞ்சது உபயம். உபயம்னா அவிய பதில் மரியாதை செய்யணும். செய்யாம சாமி இறங்க முடியாது. அவிய வச்ச சட்டந்தானே.”

பூதத்தானுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “நல்லாப் படிச்சிட்டு வந்திருக்க போ. எங்க தாத்தன் காலத்துல சும்மாதான் போட்டாவ, தெரியுமா ஒனக்கு? வெட்டின்னு பேரு. சாமி வேலைக்குக் கூலி கேக்கியாலேன்னு மரத்துல கட்டி வச்சு அடிச்சிருக்காவ. எங்கய்யா சண்டை போட்டு, செயிலுக்குப் போயி, வாங்கின கூலி இது. இத வேண்டாம்னு சொல்லச் சொல்லுதியே, ஒனக்கு நாக்கு கூசல?”

உலகம்மாளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இது அவளுடைய கட்டுரையில் இல்லை, அந்த வெள்ளைக்காரர் புத்தகத்திலும் இல்லை. கூலி உறவை அறுக்கிறது என்று எழுதியவளுக்கு, சில உறவை அறுக்கத்தான் வேண்டும் என்பது உறைக்கவில்லை. அடிமை உறவை அறுக்கத்தானே தாத்தா ஜெயிலுக்குப் போனார்.

அம்மா முப்பிடாதி ரசச் சட்டியை இறக்கி வைத்தாள். அவளுக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சல். “அப்பனும் மகளும் சோத்த ஆறவிட்டு அடிச்சுக்கிடுங்க. நான் ஒண்ணு கேக்கேன். எதுத்த வீட்டுக் கலியாணத்துக்கு நான் மொய் எழுதுதேன். எழுதாமக் கொடுத்துட்டு வந்தா அது மொய்யா?”

“எழுதாட்டா எவன் கண்டான்?” என்றான் பூதத்தான்.

“அதத்தான் சொல்லுதேன். ஒங்க தாத்தன் வாயத் தொறந்து நான் கொடுத்தேன்னு சொல்ல அவிய விடல. அதனால அது வெட்டி. நீரு வாயத் தொறந்து சொல்லும். கீழத்தெரு உபயம்னு மைக்குல கேக்கணும். கேட்டாத்தான் சாமிய இறக்கணும்.”

பூதத்தான் மகளைப் பார்த்தான். உலகம்மாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: “கூலியும் விட்டுப் பேரும் போச்சுன்னா நாம முட்டாளுதாம்ப்பா. அதுல நீங்க சொல்றது சரி. பேரு வராம தேரடிய விட்டு எந்திரிக்கக் கூடாது.”

“எந்திரிக்காட்டா போலீஸ் வரும்ட்டி.”

“வரட்டும். கூலி வாங்கலைன்னு எந்த ஊர்ல புடிச்சுட்டுப் போவாங்க?”

மறுநாள் பூதத்தான் தெருக்கூட்டம் போட்டான். கூட்டத்தில் பாதிப்பேர் ‘வெட்டி’ என்று கொதித்தார்கள், அவனே முந்தின நாள் கொதித்த மாதிரி. அவன் முப்பிடாதியின் மொய்க் கதையைத் தன் கதையாகவே எடுத்து விட்டான். பெண்கள் வரிசையில் இருந்து முப்பிடாதி இருமினாள். ஒருவழியாகத் தெரு ஒத்துக்கொண்டது. பின்சக்கரத்துக்குக் கட்டை போடுகிற கொம்பையா மட்டும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தான். அவன் மகள் நர்ஸ் படிப்பில் சேர்ந்திருந்தாள், பீஸ் கட்ட நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவனுக்குக் கூலி என்பது தத்துவம் இல்லை.

தேரன்று வெயில் மண்டையைப் பிளந்தது. நாலு ரத வீதியும் தலைகள். ஆவுடைநாயகத்தின் சொந்தபந்தம் மும்பை, கோயம்புத்தூர் என்று பல திக்கிலிருந்தும் வந்து, பட்டு சரசரக்க மண்டபத்தில் விசிறிக்கொண்டிருந்தது. பூதத்தானும் ஆட்களும் வழக்கத்தைவிட அழகாகக் கட்டை போட்டார்கள். மேலரத வீதி முக்கில் தேர் சுளுவாகத் திரும்பியபோது கூட்டம் கை தட்டியது. உலகம்மாள் வடத்தைத் தொடவில்லை. அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டு கூட நடந்தாள். இந்த முறை அவளுக்கு வெட்கமாக இல்லை. அங்கே நின்ற யாரையாவது பிடித்து, அது எங்கப்பா என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது.

மத்தியானம் தாண்டித் தேர் நிலைக்கு வந்தது. நாலு சக்கரத்துக்கும் கட்டை சொருகியாயிற்று. ஆவுடைநாயகத்தின் ஆலைக் கணக்கப்பிள்ளை கூலிப் பணத்தைத் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்து நீட்டினார். கையில் படாமல் கொடுக்கத்தான் தாம்பாளம், மரியாதைக்கு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

பூதத்தான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தான். தேர்முன் துண்டு தோளில் இருந்ததே ஊருக்குப் புதுசு.

“கூலி வேண்டாம் சாமி” என்றான், தேரைப் பார்த்து உரக்க. “இன்னைக்குப் போட்ட கட்டை கீழத்தெரு உபயம்.”

பக்கத்து ஆட்கள் சிரித்தார்கள். வெயிலில் பூதத்தானுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அவனும் ஆட்களும் அவரவர் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்ததும் சிரிப்பு நின்றது.

ஆவுடைநாயகம் மண்டபத்திலிருந்து இறங்கி வந்தார். “என்னடே பூதத்தான், கூலி காணலியா? கேட்டா கூட்டித் தந்திருவேன்லா.”

“கூட்டினாலும் கூலிதான அண்ணாச்சி.”

“ரெண்டு மடங்கு வச்சுக்க.”

“அது ரெண்டு கூலி.”

மேலே தேர்த்தட்டில் நின்ற பட்டரைப் பார்த்து ஆவுடைநாயகம் கையை ஆட்டினார். “சாமீ, நீங்க இறக்குங்க. இவங்ககிட்ட நான் பேசிக்கிடுதேன்.”

பட்டர் வேர்வையைத் துடைத்தார். “எப்படி இறக்க அண்ணாச்சி? தீந்துச்சுன்னு அவன் சொல்லலியே. போன வருஷம் அவன் தொண்டை கட்டிப்போய்ச் சத்தம் வராததுக்கே, திரும்பச் சொல்லச் சொல்லுன்னு நீங்கதானே என்னை நிறுத்தினேள்.”

அதுதான் உண்மை. தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கினவனுடைய கணக்குத் தீர்ந்தது தன் காதில் விழாமல் ஆவுடைநாயகம் பரிவட்டத்துக்குத் தலை நீட்ட மாட்டார். அவ்வளவு ஆசாரம். அந்த ஆசாரம் இப்போது அவர் மண்டபத்து வாசலை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

போலீஸுக்குச் சொல்லியனுப்பினார்கள். கூட்டத்துக்குப் பந்தோபஸ்தாக வந்திருந்த இன்ஸ்பெக்டரே வந்தார்.

“என்ன பிரச்சினை?”

“கூலி வாங்க மாட்டேங்கான் சார்” என்றார் கணக்கப்பிள்ளை.

“கொடுக்க மாட்டேங்கீங்களா?”

“இல்ல சார். நாங்க கொடுக்கோம். அவன் வாங்க மாட்டேங்கான்.”

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “சர்வீஸ்ல இப்படி ஒரு கேஸ் பார்த்ததில்லயே. வாங்காததுக்கு என்ன செக்‌ஷன் போட?” பாதையை மறிக்கிறார்களா என்று பார்த்தார். தேர் நிலையில்தான் நின்றது, அவர்கள் தேர் ஓரமாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் தடுக்கவில்லை. ஒரு மோர் வாங்கிக் குடித்துவிட்டு வேப்ப மரத்தடிக்குப் போய்விட்டார்.

ஆவுடைநாயகம் லேசுப்பட்டவர் இல்லை. குரலை இறக்கிக்கொண்டு உலகம்மாளிடம் வந்தார். இது யார் வேலை என்று அவருக்கு விளங்கிவிட்டது.

“தாயி, நீ படிச்ச பிள்ள. கோவிலுக்குக் கொடுக்கணும்னு ஆசைப்படுதிய, நல்ல விஷயம். அந்தா உண்டியல் இருக்கு. கூலிய வாங்கி அதுல போட்டிருங்க. யாரு தடுக்கா? கொடுத்த புண்ணியமும் ஆச்சு, முறையும் கெடல.”

சுற்றி நின்ற சிலர் தலையாட்டினார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. தன் தெருவிலேயே இரண்டு பேர் தலையாட்டுவதை உலகம்மாள் பார்த்தாள்.

“உண்டியலுக்கு மூஞ்சி கிடையாது அண்ணாச்சி” என்றாள். “அதுல யாரு போட்டாலும் விழும், யாரு போட்டதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. அவ்வளவு நல்லதுன்னா நீங்களும் ஒங்க தேர்ச் செலவ மொத்தமா உண்டியல்ல போட்டிருங்களேன். பரிவட்டம் வேண்டாம், மாலை வேண்டாம். போடுவியளா?”

ஆவுடைநாயகத்தின் மூக்கு விடைத்தது. “எங்க பாட்டன் காலத்து மண்டகப்படிய உண்டியல்ல போடச் சொல்லுதியா?”

“நீங்கதான் எங்களப் போடச் சொன்னிய.”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரித்தது மேலத்தெரு ஆள்தான்.

பொழுது சாய ஆரம்பித்தது. சாயரட்சை அபிஷேகத்துக்குக் குடம் குடமாகப் பால் காத்திருந்தது, வெயிலில் திரிந்துவிடுமோ என்று மடப்பள்ளியில் பதறினார்கள். மும்பைச் சம்பந்திக்காரர்கள் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். பூதத்தான் ஆட்கள் ஒரு சொம்புத் தண்ணீரை ஆளுக்கு ஒரு வாயாகக் குடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார்கள்.

அப்போதுதான் உலகம்மாள் பின்சக்கரத்துப் பக்கம் பார்த்தாள். கொம்பையாவின் இடம் காலியாக இருந்தது.

அவன் தேருக்குப் பின்னாலிருந்து வந்தான். பக்கத்தில் ஆலைக் கணக்கப்பிள்ளை. கொம்பையாவின் கையில் நோட்டுக் கட்டு, கூலி இல்லை, அதைப்போலப் பல மடங்கு. மகள் பீஸுக்குத் தாராளமாகக் காணும்.

“ஒருத்தன் வாங்கினாலும் கீழத்தெரு வாங்கினதுதான்” என்றார் ஆவுடைநாயகம், ஊருக்கே கேட்க. “சொல்லுடே கொம்பையா. சாமியப் பாத்துச் சொல்லு.”

பூதத்தானின் முகம் கறுத்துப் போயிற்று. அவன் எழுந்திருக்கவில்லை, திட்டவுமில்லை. உலகம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். கொம்பையாவைக் குறை சொல்லவும் அவளால் முடியவில்லை. நர்ஸ் படிக்கிற அந்தப் பிள்ளை, சின்ன வயதில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள்.

கொம்பையா தேருக்கு முன்னால் வந்து நின்றான். நோட்டுக் கட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டான்.

“சாமி” என்றான். “எம் மவ படிப்புக்கு அண்ணாச்சிகிட்ட இன்னைக்குக் கைமாத்து வாங்கியிருக்கேன். அறுப்பு முடிஞ்சதும் வட்டியோட கொடுத்திருதேன். நீரே சாட்சி.”

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. பிறகு கூட்டம் வெடித்துச் சிரித்தது. வேப்ப மரத்தடியில் இன்னொரு மோர் குடித்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் புரையேறி இருமினார்.

“ஏலே, அது கூலிலே” என்று கத்தினார் கணக்கப்பிள்ளை.

“கூலி வேண்டாம்னு எங்க தெருவுல முடிவு பண்ணியாச்சே அய்யா. பொறவு நான் எப்படி வாங்குவேன்? இது கடன். கொம்பையா இதுவரைக்கும் யாரு கடனையும் வச்சுக்கிட்டதில்ல.” பணத்தை மடியில் கட்டிக்கொண்டு, பின்சக்கரத்துக்குப் போய், தன் கட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

கட்டுரை எழுதிய உலகம்மாளுக்கே இது தோன்றியிருக்காது. கொடைக்கும் கூலிக்கும் நடுவே கடன் என்று ஒன்று இருக்கிறது, அதையும் மனுஷன் தன் வாயால் பெயர் வைத்துத்தான் ஆக்குகிறான் என்று நினைத்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

சிரித்தது ஊர். ஊர் சிரித்த பிறகு ஆவுடைநாயகத்தால் அங்கே நிற்க முடியவில்லை. மண்டபத்தில் அவர் மாமன் மகனே, “யோவ் மச்சான், ஒரு துண்டுத் துணி கட்டிவிட்டு முடியும்வே. பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றான். பட்டரும் மேலிருந்து மெதுவாகச் சொன்னார்: “உபயம்னு அவா சொல்லியாச்சு. சாமி இத்தனை நேரம் கேட்டுண்டுதான் இருக்கார். வாங்கிக்கலேன்னு அவர் சொன்னதா எனக்குத் தெரியல. எனக்குப் பால் திரிஞ்சுடும் அண்ணாச்சி.”

ஆவுடைநாயகம் மைக் செட்டுக்காரனைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை, தலையை மட்டும் ஒரு அசைப்பு. எல்லா மண்டகப்படியும் சொல்லுகிற அதே ராகத்தில் ஒலிபெருக்கி சொன்னது:

“இன்றைய தேர்க்கட்டை உபயம்... கீழத்தெரு பொதுமக்கள்.”

கீழத்தெருப் பெண்கள் குலவையிட்டார்கள். நாலு ரத வீதியிலும் அந்தச் சத்தம் போய் இடித்துத் திரும்பியது. முப்பிடாதி குலவையை முடித்துவிட்டு, “இன்னொருக்கச் சொல்லச் சொல்லு, தெக்க உள்ளவளுக்குக் கேட்டிருக்காது” என்றாள். மைக் செட்டுக்காரன் யாரையும் கேட்காமல் இன்னொரு முறை சொன்னான்.

பட்டர் தேரிலிருந்து இறங்கி வந்தார். கையில் தட்டு, தட்டில் சாமி மாலை, மடித்த பட்டு. பூதத்தான் எழுந்து நின்றான், ஆனால் குனியவில்லை. பட்டர் கொஞ்சம் எக்கித்தான் பரிவட்டத்தைக் கட்ட வேண்டியிருந்தது. மாலை விழுந்தது. தீர்த்தத்துக்கு அவன் வலது கையை நீட்டினான். விரல் இல்லாத இடைவெளியில் தீர்த்தம் ஒழுகிற்று. பட்டர் ஒரு கணம் பார்த்துவிட்டு, இன்னொரு உத்தரணி ஊற்றினார். உலகம்மாள் வாய்விட்டு அழுதாள், துடைத்துக்கொள்ளவும் இல்லை.

ஆவுடைநாயகத்துக்கு இது ஆறவில்லை. தோற்றவன் கடைசியாக ஒன்றையாவது பிடித்துக்கொள்ளப் பார்ப்பான்.

“சரிடே பூதத்தான்” என்றார், பெரிய மனுஷத் தோரணையை எடுத்துப் போர்த்திக்கொண்டு. “போனாப் போகுதுன்னு கோவில் ஒனக்கு இம்புட்டும் கொடுத்திருக்கு. ஒரு நன்றி சொல்ல மாட்டியாக்கும்?”

பூதத்தான் பரிவட்டத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

“நன்றி நீங்கதான் சொல்லணும் அண்ணாச்சி” என்றான். “கொடுத்தது நாங்க.”

பிறகு தேரைப் பார்த்து, “இறங்கும் சாமி” என்றான். சாமி இறங்கிற்று.